வட்டம், சதுரம், முக்கோணம்: சிறார் படக்கதைக்குப் பாத்திரம் வரையத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு பாட்டி, அவருடைய பத்து வயதுப் பேத்தி, கரையில் பாசியை விலைபேசி வாங்கும் வியாபாரி ஆகிய மூவரைப் பற்றிய 24 பக்கப் படக்கதைக்கு ஓவியம் வரையும் வேலை எனக்குக் கிடைத்தபோது, மூன்று பாத்திரங்களை முடிக்க ஏழு வாரங்கள் ஆயின. முகத்தை அழகாக வரைந்துவிட்டால் குணம் தானாக வந்துவிடும் என்று நம்பியதே அதற்குக் காரணம். மூவரும் ஒரே உடம்பில் வேறு வேறு தலையை மாட்டியவர்களைப் போல இருந்தார்கள். பதிப்பாளர் நான்கு முறை திருப்பி அனுப்பினார். பிறகு உருவத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். அதற்குப் பன்னிரண்டு நாட்களே ஆயின. அந்தப் பன்னிரண்டு நாட்களின் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பென்சிலைத் தொடும் முன் பாத்திரக் குறிப்பை எழுதுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரைப் பக்கம் போதும். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: கதையில் அவர் என்ன செய்கிறார், நெருக்கடி வரும்போது அவர் உடம்பு என்ன செய்யும், கதை முடியும்போது அவரிடம் என்ன மாறியிருக்கும். வயது, நிறம், உடை ஆகியவற்றை அதற்குப் பின்னால் எழுதலாம்.

இரண்டாவது கேள்வியே உருவத்தைத் தீர்மானிக்கிறது. எங்கள் கதையில் அலை பெரிதாக வரும்போது பாட்டி காலை ஊன்றி நிற்பார். பேத்தி சுருண்டு பாட்டியின் இடுப்போடு ஒட்டிக்கொள்வாள். விலை பேசும்போது வியாபாரி முன்னால் சாய்ந்து விரலை நீட்டுவார். ஊன்றி நிற்பது சதுரம், சுருள்வது வட்டம், பாய்வது முக்கோணம். இந்த மூன்று வினைச்சொற்களை நான் முதலிலேயே எழுதியிருந்தால் ஐந்து வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

நான் செய்த தவறு, பாட்டி என்றதும் வட்டத்தை எடுத்தது. வட்ட முகம், வட்டக் கொண்டை, உருண்ட உடம்பு என்று வரைந்தேன். பார்ப்பதற்கு அன்பாகத்தான் இருந்தார். ஆனால் இடுப்பளவு நீரில் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்கி வருபவர் அவர் என்று யாராலும் நம்ப முடியவில்லை. உருவத்தை வயதுக்கோ உறவுமுறைக்கோ கொடுக்காதீர்கள். கதையில் அவர் செய்யும் வேலைக்குக் கொடுங்கள்.

இந்தக் குறிப்பைப் பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, 'சரி' என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 'பாட்டி இன்னும் சாந்தமாக இருக்கட்டும்' என்று கேட்டால், அது திருத்தமா, புதிய பாத்திரமா என்று பேச உங்களிடம் உள்ள ஒரே ஆவணம் அதுதான்.

2. ஒரு தலைமை உருவம், ஒரு துணை உருவம், மூன்றாவது வேண்டாம்

வளைந்த கோட்டை மென்மையோடும் கூரான கோட்டைக் கடுமையோடும் சேர்த்துப் பார்ப்பது பெரும்பாலோருக்கு இயல்பாகவே வருகிறது. ஒரு வளைந்த உருவத்தையும் ஒரு கூர்முனை உருவத்தையும் காட்டி, எது 'பூபா', எது 'கிக்கி' என்று கேட்டால், ஏறத்தாழ எல்லோரும் வளைந்ததையே பூபா என்பார்கள் என்று வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் எழுதினார்கள். ஆனால் அது ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள பொருத்தத்தை மட்டுமே காட்டுகிறது. வட்டமாக வரைந்தால் போதும், வாசகர் அவரை நல்லவர் என்று எடுத்துக்கொள்வார் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. வட்டம் மென்மையாகத் தெரிவது பக்கத்தில் ஒரு சதுரம் நிற்கும்போதுதான். எல்லோரும் வட்டமாக இருக்கும் கதையில் வட்டம் எதையும் சொல்லாது.

எனவே மூன்று பாத்திரங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்தே தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் உடம்பின் பெரும்பகுதியை நிரப்பும் ஒரு தலைமை உருவம் இருக்கட்டும். பார்வைக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவாகவும், மிச்சம் கால் பங்கு துணை உருவமாகவும் இருந்தால் குணம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டும் பாதிக்குப் பாதி ஆனால் கண் எதையும் பிடித்துக்கொள்ளாது. மூன்று உருவங்களையும் ஒரே ஆளில் கலந்தால், எனக்கு முதலில் நேர்ந்ததைப் போல, எல்லோரும் ஒருவரைப் போலவே ஆகிவிடுவார்கள்.

உருவம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பதும் பொருளை மாற்றும். அடி அகன்ற முக்கோணம் பனையோலைக் குடிசையின் கூரையைப் போல அசையாமல் உட்காரும். அதையே தலைகீழாக்கினால், தோள் அகன்று கால் ஒடுங்கி, எந்த நொடியும் யார் மேலாவது சாயப்போவதைப் போல இருக்கும். சதுரத்தைச் சற்றுச் சாய்த்தால் அதன் உறுதி போய்விடும். 'முக்கோணம்' என்று மட்டும் குறித்து வைக்காமல், முனை எந்தப் பக்கம் என்றும் குறித்து வையுங்கள்.

3. உருவத்தை உடம்பில் தேடாதீர்கள். உடையிலும் கையிலுள்ள பொருளிலும் நிற்கும் நிலையிலும் தேடுங்கள்

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

பாட்டிக்குச் சதுரம் என்று முடிவானதும் தாடையையும் தோளையும் சதுரமாக்கினேன்; முகம் இரும்புப் பெட்டியைப் போல ஆயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் சின்னப்பாலம் கரைக்குப் போய், பாசி எடுத்துத் திரும்பும் பெண்களின் அனுமதி பெற்று, தூரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். நீரில் நனைந்து கனத்த அந்தச் சட்டை தோளிலிருந்து நேராக இறங்கி இடுப்புக்குக் கீழே ஒரே கோட்டில் நின்றது. நான் தேடிய சதுரம் அதுதான். இடுப்பில் கட்டிய வலைப்பை பாசியால் நிறைந்து உருண்டு தொங்கியது. அது துணை உருவமான வட்டம். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்ததால் விரல் நுனிகளும் மழுங்கியே தெரிந்தன. முகத்தில் ஒரு கோட்டையும் நான் மாற்றவில்லை. சட்டையும் பையும் கட்டு விரலும் சேர்ந்து, அசைக்க முடியாதவரும் அதே சமயம் பேத்தி ஒட்டிக்கொள்ளக் கூடியவருமான ஒரு பாட்டியைத் தந்துவிட்டன.

வியாபாரி எனக்குப் பெரிய பாடம். முதல் வரைவில் கூர்மூக்கு, கூர்மீசை, ஒடுங்கிய தாடை, ஒட்டிய கன்னம் என எல்லா முனைகளையும் முகத்திலேயே வைத்தேன். வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டியபோது, அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏவாரி இப்படி இருக்க மாட்டாக. சிரிச்ச முகமாத்தேன் இருப்பாக. சிரிச்சுக்கிட்டேதேன் வெலயக் கொறைப்பாக."

அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. கூர்முகம் என்பது திரைப்படத்திலிருந்து எனக்கு வந்தது, கரையிலிருந்து வரவில்லை என்பது ஒன்று. ஒருவரின் மூக்கையும் தாடையையும் உடல் பருமனையும் அவருடைய குணத்துக்குச் சான்றாக்கினால், அதே மூக்கும் தாடையும் உள்ள குழந்தை ஒன்று அந்தப் புத்தகத்தைப் படிக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதை நான் அன்றுவரை எண்ணிப் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முகத்தை வட்டமாக்கிச் சிரிக்க வைத்தேன். முக்கோணத்தை நிலைக்கு மாற்றினேன்: இரண்டு பாதங்களும் ஒட்டி நிற்க, உடம்பு முன்னால் சாய்ந்து, ஒரு கை விரல் நீட்டியிருக்க, மறு கை இடுப்பில் முழங்கை வெளியே தெரியும்படி மடங்கியிருக்க, தோள் துண்டின் இரு முனைகளும் கூராக விறைத்து நின்றன. வெளிக்கோடு முழுவதும் முனை கீழ்நோக்கிய முக்கோணம். அதன் நடுவில் சிரிக்கும் வட்டம். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றும் உள்ள பாத்திரத்துக்கு இந்த அடுக்கு நன்றாகப் பயன்படுகிறது: தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளிக்கோடும், பக்கத்தில் வந்தவருக்கு முகமும் தெரியும்.

பேத்தியிடம் உடையே எதிராக வேலை செய்தது. வட்டம் என்று முடிவு செய்துவிட்டுப் பாவாடை சட்டை போட்டுவிட்டேன். பாவாடை இயல்பாகவே அடி அகன்ற முக்கோணம். எனவே சுருண்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய குழந்தை, கோயில் கோபுரத்தைப் போல அசையாமல் நின்றாள். பாவாடையை எடுத்துவிட்டு, முழங்கால் வரை வரும் உப்பிய கவுனும், காதோரம் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் கொடுத்ததும் வட்டம் திரும்பி வந்தது. கதை முடிவில் அவள் தானே நீரில் இறங்குவாள்; அந்தப் பக்கங்களில் மட்டும் பாட்டியின் சட்டையைப் போட்டுவிட்டேன். வட்டத்தின் மேல் சதுரம் ஏறியதும் மாற்றம் சொல்லாமலே தெரிந்தது.

4. கறுப்பு நிழல் சோதனை

இந்த நிலையில் கண், வாய், மடிப்பு எதையும் வரையக் கூடாது. மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு தாளுக்குப் பன்னிரண்டு உருவமாக, பட்டையான கறுப்பு மார்க்கரால் நிரப்பி வரையுங்கள். சிறிதாக வரைவதற்கும் பட்டைப் பேனாவுக்கும் காரணம், உங்கள் கை விவரத்துக்குள் போகாமல் தடுப்பதுதான். பாத்திரம் ஒன்றுக்கு இருபது உருவமாவது வேண்டும். முதல் எட்டு, பத்து உருவங்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியவையாகத்தான் வரும்.

பாத்திரத்துக்கு இரண்டாகத் தேர்ந்தெடுத்து, கதை தெரியாத ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். கேள்வியில் கவனம் வேண்டும். 'இவர் நல்லவரா?' என்று கேட்டால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லி உங்களைத் திருப்திப்படுத்திவிடுவார்கள். 'இந்த மூவரில் யாரிடம் ஒரு பொருளைக் கொடுத்து வைத்துவிட்டுப் போவீர்கள்?', 'யார் முதலில் பேசுவார்?' என்று கேளுங்கள். நான் ஆறு பேரிடம் கேட்டதில் நான்கு பேர், பாட்டி யாரையோ அடிக்கப் போகிறார் என்றார்கள். பார்த்தால், உடம்பிலிருந்து விலகி நின்ற இரு முழங்கைகளும் சதுரத்தின் பக்கங்களில் இரண்டு முக்கோண இடைவெளிகளை உண்டாக்கியிருந்தன. உருவத்தைப் போலவே அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் பேசும். கைகளை உடம்போடு சேர்த்ததும் அந்தக் கோபம் போயிற்று.

கணினியில் வரைபவர்கள் இதே நிலையில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் `M` விசை அதைச் செய்யும். தாளில் வரைபவர்கள் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் போதும். சதுரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

5. மாடல் ஷீட்: உருவம் திரும்பும்போது காணாமல் போகிறதா?

ஒரு பாத்திரத்தை முன், முக்கால், பக்கவாட்டு, பின் என நான்கு பார்வைகளில் ஒரே தரைக்கோட்டில் வரைந்து, தலையுச்சி, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றுக்குக் குறுக்கே கோடிழுத்து வைக்கும் தாளையே மாடல் ஷீட் என்கிறோம். உயரத்தைத் தலையளவால் குறிப்பது எளிது. என் பாட்டி ஐந்து தலை, பேத்தி மூன்றரை, வியாபாரி ஐந்தரை.

முன்பார்வையில் தெளிவாக இருந்த உருவம் பக்கவாட்டில் அழிந்துபோவதுதான் இங்குள்ள பொறி. பாட்டியின் சதுரம் பக்கத்திலிருந்து பார்த்தபோது ஒல்லியான பலகை ஆகிவிட்டது. தாளில் வரைந்தாலும் சதுரத்தை ஐஸ் பெட்டியாகவும், வட்டத்தைப் பந்தாகவும், முக்கோணத்தைக் கூம்பாகவும் எண்ணிக்கொண்டால், எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு கனம் இருக்கும். சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் சம அளவு தொங்கும்படி வரைந்ததும் பாட்டி பக்கவாட்டிலும் பெட்டியாக நின்றார்.

இன்னொன்று: வலைப்பை வலது இடுப்பில் இருக்கிறது. அவர் வலப்பக்கம் நோக்கி நடக்கும் பக்கங்களில் நமக்குத் தெரிவது அந்த வலது இடுப்பு. இடப்பக்கம் திரும்பினால் பை உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். வேகமாக வரையும்போது அதை இடது இடுப்புக்கு மாற்றிவிடுவோம். குழந்தைகள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். பையின் பக்கத்தை மாடல் ஷீட்டில் எழுத்தில் குறித்து, மறையும் பக்கங்களில் அதன் வளைவு மட்டும் முதுகுக்குப் பின்னால் சிறிது எட்டிப் பார்க்கும்படி வையுங்கள்.

முகபாவங்களை இந்தத் தாளின் கீழே ஆறு கட்டங்களில் வரையலாம். கோபத்தில்கூடத் தலைமை உருவம் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

6. ஆவணங்கள், செலவு, நாட்கள்

வேலை தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தக் கடிதம் இருக்க வேண்டும். அதில் பாத்திரங்களின் எண்ணிக்கை, எந்த நிலையில் எத்தனை திருத்தம் இலவசம், முன்பணம், பதிப்புரிமை ஆகியவை எழுதப்பட்டிருக்கட்டும். நான் நிழல் உருவ நிலையில் இரண்டு திருத்தமும் மாடல் ஷீட் நிலையில் ஒரு திருத்தமும் என்று எழுதுகிறேன். உருவத்தை மாற்றுவது நிழல் நிலையில் அரை மணி நேர வேலை. மாடல் ஷீட் முடிந்த பிறகு அது இரண்டு நாள் வேலை. என் முதல் ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு இல்லாததால்தான் நான்கு முறையும் முழுதாக வரைந்தேன்.

பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கால அளவு குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், எல்லை குறிக்கப்படாதது இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். பாட்டியின் உருவத்தை நாளை பொம்மையிலும் பையிலும் அச்சிடுவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

செலவு பெரிதல்ல. ஏ4 தாள் கட்டு ஒன்று 280 ரூபாய், மார்க்கர் பேனாக்கள் 120, கரைக்குப் போய்வர இரண்டு நாள் பேருந்துக் கட்டணம், ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்ய 60 என்று எனக்கு ஆயிற்று. ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். வரைகணினிப் பலகையை மாடல் ஷீட் வரை வாங்க வேண்டியதில்லை.

நாட்கணக்கு இது: குறிப்பு எழுத ஒரு நாள், கரையில் பார்த்து வரைய இரண்டு நாள், சிறு உருவங்களுக்கு இரண்டு நாள், நிழல் சோதனைக்கு ஒரு நாள், மாடல் ஷீட்டுக்குப் பாத்திரம் ஒன்றுக்கு இரண்டு நாளாக ஆறு நாள். பதிப்பாளரின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்கள் இதில் சேரவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு நாள் தனியாகச் சேர்த்துத் தேதி கொடுங்கள். கரைக்குப் போவதற்கு முன் அந்த வாரம் அவர்கள் பாசிக்குப் போகிறார்களா என்று ஊரில் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளை நிதானமாக வரையலாம், ஆனால் மீன் இறக்கும் கூட்டத்தையும் ஏலத்தின் பரபரப்பையும் பழையபடி பார்க்க முடியாது.